பேண்டு செத்துப்போச்சு, பிரீமியம் சாகல

வாப்பாவோட ஃபிட்னஸ் பேண்டு கீழக்கரை ஜெட்டில தோணி ஏறுறப்போ கம்பில பட்டு கண்ணாடி விரிசல் விட்டுருச்சு. அதோடயே ரெண்டு மூணு நாள் கடல்தண்ணில கை வச்சிருக்காங்க, உப்பு உள்ள எறங்கி சார்ஜ் ஏத்துற பின்னெல்லாம் பச்சையா பூத்துப்போச்சு. வாட்டர் ப்ரூஃப்னு போட்டிருந்தாலும் கண்ணாடில விரிசல் விழுந்தா அந்தக் கணக்கெல்லாம் முடிஞ்சிரும். சரி போகட்டும்னு தூக்கி அலமாரில போட்டாச்சு, ஆப்பையும் போன்லேர்ந்து எடுத்தாச்சு.

மறு மாசம் பேங்க்லேர்ந்து மெசேஜ், நாளைக்கு 99 ரூவா ஆட்டோபேல எடுக்கப்போறோம்னு. அந்த ஆப்ல எடுத்திருந்த மாசாந்திர பிரீமியம் பிளானோட காசு அது. வாப்பா கேட்டாங்க, "ஏம்ப்பா, ஓடாத பேண்டுக்கு என்னத்துக்கு காசு புடிக்கிறான்?"

பேண்டு கம்பெனி கஸ்டமர் கேர்ல சாட் பண்ணா, ஆப்ல டிவைஸை ரிமூவ் பண்ணுங்க போதும்னான், அப்புறம் பேண்டு ஸ்க்ரீன்ல தெரியிற சீரியல் நம்பரை அனுப்புங்கன்னான். ஸ்க்ரீனே எரியல, எங்கேர்ந்து அனுப்புறது! டிவைஸை ரிமூவ் பண்றதுக்கும் காசு நிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல, ஏன்னா பேண்டு ஒண்ணு, ஆப்ல லாகின் பண்ற அக்கவுண்ட் ஒண்ணு, காசு கட்டுற அக்கவுண்ட் வேற ஒண்ணு. நிறுத்தவேண்டியது இந்த மூணாவதை மட்டும்தான்.

அது எதுன்னு அந்த மெசேஜ்லயே இருந்துச்சு. காசு எடுக்கிற ஆள் பேர்ல பேண்டு கம்பெனி இல்ல, கூகிள் ப்ளேன்னு இருந்துச்சு. அப்படி வந்தா பிளான் ப்ளே ஸ்டோர் வழியா வாங்குனதுன்னு அர்த்தம், கம்பெனிகாரன்ட்ட எவ்வளவு மல்லுக்கட்டுனாலும் பெரும்பாலும் அவன் அதை கேன்சல் பண்ணித் தரமாட்டான். கம்பெனி பேரே நேரா வந்திருந்தா அவன் வெப்சைட்ல லாகின் பண்ணி நிறுத்தணும், ஐபோன்னா செட்டிங்ஸ்ல நம்ம பேரைத் தொட்டு Subscriptions போகணும்.

வாப்பா போன்ல ப்ளே ஸ்டோரைத் தொறந்து மேல வலது பக்கம் இருக்கிற வட்டத்தைத் தொட்டு Payments & subscriptions, அதுக்குள்ள Subscriptions போனா ஒண்ணுமே இல்ல, வெறும் பக்கம். இங்கதான் நெறைய பேரு குழம்பிருவாங்கன்னு நெனைக்கிறேன். பெருநாளைக்கு சென்னைலேர்ந்து வந்த எங்க அண்ணன், நாங்க காக்கான்னு கூப்புடுறவருதான் அந்தப் போனை செட் பண்ணிக் குடுத்தது, ஆப்ல லாகின் வாப்பா மெயில், ஆனா ப்ளே ஸ்டோர்ல அப்ப இருந்தது காக்காவோட ஜிமெயில், யுபிஐ பின் அடிச்சது வாப்பா. காக்காவுக்கு போன் போட்டு அவரு மெயில்ல `GPA.` னு தேடச் சொன்னேன், ப்ளே ஸ்டோர் ரசீது நம்பரெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். "அட, இருக்குடா, மாசாமாசம் வந்திருக்கு"ன்னாரு.

அந்த ஜிமெயில் போன்ல இன்னும் இருந்துச்சு, அதனால வட்டத்தைத் தொட்டு பேர் பக்கத்துல இருக்கிற அம்பை அழுத்தி காக்கா அக்கவுண்டுக்கு மாறுனதும் பிளான் வந்து உக்காந்திருச்சு. இல்லன்னா காக்காவே சென்னைலேர்ந்து `play.google.com/store/account/subscriptions` ல போயி முடிச்சிருக்கலாம். Cancel subscription அழுத்துனா காரணம் கேக்கும், எதையாவது தொட்டுட்டு மறுபடி ஒருதடவ அழுத்தணும், பாதில வெளிய வந்தா கேன்சல் ஆகாது. ஆயிருச்சான்னு பாக்க அதே பக்கத்துல புதுப்பிக்கிற தேதிக்குப் பதிலா முடியிற தேதி வந்திருக்கணும்.

மச்சான் ஒருத்தரு இதெல்லாம் எதுக்கு, யுபிஐ ஆப்ல Autopay போயி, தானா காசு எடுக்கக் குடுத்த மேண்டேட்டைத் தூக்குனா முடிஞ்சிச்சுன்னாரு. காசு நிக்கும்தான், ஆனா ப்ளே ஸ்டோர் பக்கம் பிளான் உயிரோடதான் இருக்கும், பேமெண்ட் ஃபெயில்னு மெயில் வரும், அந்த அக்கவுண்ட்ல பேக்கப்பா வேற கார்டு வச்சிருந்தா அதுல கை வைக்கவும் வாய்ப்பிருக்கு. காக்கா கார்டு அதுல கெடந்துச்சு! அதனால மொதல்ல ப்ளே ஸ்டோர்ல கேன்சல், அப்புறமா யுபிஐ ஆப்ல மேண்டேட் இன்னும் ஓடுதான்னு ஒரு பார்வை, அதுதான் சரியான வரிசை. பேங்க் ஒரு நாள் முன்னாடியே மெசேஜ் அனுப்பணும்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கறதால எங்களுக்கு அந்த மாசக் காசு தப்பிச்சிச்சு.

அதுக்கு முந்தின மாசம், பேண்டு ஓடாமலே போன 99 ரூவாயைக் கேட்டுப் பாத்தோம். ப்ளே ஸ்டோர்ல 48 மணி நேரத்துக்குள்ள கேட்டாதான் அவங்களே பாப்பாங்க, தாண்டிட்டா ஆப் கம்பெனிகாரன்ட்டதான் கேக்கணும். அவன்ட்ட ரசீது நம்பரோட மெயில் போட்டதுக்கு, பிளான் பயன்பாட்டுலதான் இருந்திச்சுன்னு ஒரே வரில முடிச்சிட்டான். வாப்பா அதை விடச் சொல்லிட்டாங்க, நான் இன்னும் விடல.