18 பெட்டியா, 21 பெட்டியா

ரைல் கடையில் கணக்குப் போடும் முறை எல்லோருக்கும் தெரியும். நீளத்தை அகலத்தால் பெருக்கிச் சதுர அடி எடுப்பார்கள். நேராகப் பதிப்பதென்றால் நூற்றுக்குப் பத்து, மூலைவாட்டில் பதிப்பதென்றால் நூற்றுக்குப் பதினைந்து என்று கழிவுக்குக் கூட்டுவார்கள். பிறகு ஒரு பெட்டியின் சதுர அடியால் பிரிப்பார்கள். பிழையான முறை என்று சொல்லமாட்டேன். சின்ன ரைலுக்கு அது பெரும்பாலும் சரிவரும். இப்போது வன்னியில் எல்லோரும் கேட்கிற இரண்டுக்கு இரண்டு ரைலுக்குத்தான் அது காலை வாருகிறது.

விசுவமடுவில் ஒரு வீட்டு ஹோல் 18 அடிக்கு 14 அடி. வீட்டுக்கார அக்கா கிளிநொச்சிக் கடையில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். 252 சதுர அடி, பத்து வீதம் கூட்டினால் 277. பெட்டியில் நாலு ரைல், ஏறத்தாழ 15.5 சதுர அடி. ஆகவே 18 பெட்டி. ரைல் பதிக்கப் போன நான் அளந்து, கீறிப் பார்த்துவிட்டு 21 பெட்டி என்று எழுதிக் கொடுத்தேன்.

"என்ன தம்பி, கடைக்காரர் பதினெட்டு எண்டுதானே சொன்னவர்? மூண்டு பெட்டி சும்மாவே?" என்று கேட்டார். கேட்கத்தானே வேண்டும், காசு அவருடையது.

இரண்டுக்கு இரண்டு என்று நாங்கள் சொன்னாலும் அந்த ரைல் இரண்டு அடி இல்லை. அது 60 சென்ரிமீற்றர், அதாவது 23.6 அங்குலம். இடையில் 3 மில்லிமீற்றர் இடுக்கு விட்டால் ஒரு ரைலுக்கு 23.7 அங்குலம் போகும். முழு இரண்டடி என்றால் 18 அடிக்கு 9 ரைல், 14 அடிக்கு 7 ரைல் என்று வெட்டே இல்லாமல் 63 ரைலில் வேலை முடிந்துவிடும். உண்மையில் நீளத்தில் ஒன்பது ரைலுக்குப் பிறகு இரண்டேகால் அங்குலம் மிஞ்சும். அகலத்தில் ஏழுக்குப் பிறகு இரண்டு அங்குலத்துக்கும் குறைவாக மிஞ்சும்.

அந்த மிச்சத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒரு சுவரோரம் ஒட்டலாம். ஒரு ரைலில் பல கீற்று வரும் என்பதால் மொத்தம் 66 ரைலோடு முடியும், கடைக்காரரின் 18 பெட்டி தாராளம். ஆனால் இரண்டங்குலக் கீற்று வெட்டும்போதே உடையும், ஒட்டினாலும் கதிரைக் கால் பட்டால் கழன்று வரும். சுவர் கொஞ்சம் கோணலாக இருந்தால் கீற்று ஒரு முனையில் இரண்டங்குலமும் மறுமுனையில் ஒன்றுமாகி, கோணலை ஊருக்கே காட்டிக் கொடுக்கும். கட்டம் கட்டமாகக் காசு வந்து கட்டிய வீடுகளில் மூலைமட்டம் சரியாக இருந்து நான் கண்டது குறைவு.

அதனால் நான் நடுவிலிருந்து பிரித்தேன். நீளத்தில் எட்டு முழு ரைல், இரண்டு பக்கமும் 13 அங்குல வெட்டு. அகலத்தில் ஆறு முழு ரைல், இரண்டு பக்கமும் 13 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த வெட்டு. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வெட்டுத்துண்டு பாதிக்கு மேல் வந்துவிட்டதால் ஒரு ரைலில் ஒரு துண்டுதான் எடுக்கலாம். பத்துக்கு எட்டு, 80 ரைல். 18 பெட்டியில் இருப்பதே 72. உடைவுக்கும் பிறகு தேவைப்படுவதற்கும் ஒரு பெட்டி சேர்த்தால் 84 ரைல், 21 பெட்டி.

மிஞ்சும் பத்தங்குலத் துண்டுகள் வீணாகவில்லை. ஒவ்வொன்றிலும் நாலங்குல ஸ்கேர்ட்டிங் இரண்டு வரும். மூலை ரைல்களை விட்டாலும் 28 துண்டு இருக்கிறது. ஹோலைச் சுற்றி 64 அடி, வாசல்கள் போக இன்னும் குறையும். சுவரடி முழுவதும் முடிந்து மிச்சமும் இருந்தது. இதைச் சொன்ன பிறகுதான் அக்காவின் முகம் தெளிந்தது.

உடனே அடுத்த கேள்வி வந்தது: "அப்ப மூலைவாட்டாப் பதிச்சால் இன்னும் கூடப் போகுமே?"

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கட்டக் கொப்பியில் கீறினேன். மூலைவாட்டில் சுவரோரம் வரும் எந்த ரைலும் முழுதாக இராது. இந்த ஹோலில் ஏறத்தாழ 42 ரைல் முழுதாக வரும், 45 இடத்தில் வெட்டுத்துண்டு. துண்டுகளில் பாதி பெரியவை, அவை ஆளுக்கொரு ரைல் கேட்கும். மற்றப் பாதி சிறிய முக்கோணங்கள். சில இடங்களில் பெரிய துண்டிலிருந்து வெட்டிய மூலையே அந்த முக்கோணத்துக்குப் பொருந்தும். பொருந்தாவிட்டாலும் ஒரு ரைலை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம் வரும். எப்படிப் போனாலும் 76 ரைலைத் தாண்டாது. நேராகப் பதிக்கிற 80ஐ விடக் குறைவு!

ஆனால் மூலைவாட்டில் மிஞ்சுவது எல்லாம் முக்கோணம், ஸ்கேர்ட்டிங்குக்கு உதவாது. அதற்குத் தனியாக ஆறு ரைல் வேண்டும். கூர் முனைகள் வெட்டும்போது பிசிர்ந்து போவதால் உடைவும் கூட. 22 பெட்டி சொன்னேன். அக்கா நேராகவே போடச் சொல்லிவிட்டார். குளியலறை, சாமியறை போன்ற சின்ன அறைகளில் இந்தச் சமாதானமெல்லாம் செல்லாது. கழிவு வருவது சுவரோரத்தில். அறை சிறுக்கச் சிறுக்கத் தரையைவிடச் சுவரோரம் கூடிக்கொண்டு போகும். அங்கே மூலைவாட்டுக்கு இருபது வீதம்கூடப் போதாமல் போகலாம்.

மூன்று பெட்டிக்காக இவ்வளவு கீறுவது ஏன் என்றால், குறைந்தால் போய் வாங்கலாம் என்ற பேச்சு ரைலுக்குச் சரிவராது. ஒரே டிசைன், ஒரே பெயர் என்றாலும் ஒவ்வொரு தொகுதியும் தனியாகச் சுட்டு வருவது. களிமண்ணும் மேற்பூச்சும் சூளைச் சூடும் கொஞ்சம் மாறினாலே நிறம் மாறும். சுடும்போது சுருங்குவதும் மாறுவதால் அளவும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வேறுபடும். பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ஷேட் இலக்கமும் கலிபர் இலக்கமும் இதற்காகத்தான். ஷேட் மாறினால் கண் காட்டிவிடும். கலிபர் மாறினால் இடுக்குக் கோடு அறையின் மறு முனைக்குப் போவதற்குள் விலகியிருக்கும்.

வேறோர் இடத்தில், நான் பதித்த வீடு அல்ல, ஹோல் நடுவில் ஒரு வரி மட்டும் மஞ்சள் பாரித்து நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து காசு வரவர வாங்கியிருக்கிறார்கள். கடையின் ரியூப்லைற்றில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

வன்னிக் கடைகளில் ஒரு டிசைனில் பெட்டிகள் அதிகம் இராது. அதிகம் கேட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிப்பார்கள், இரண்டு தொகுதி கலந்து வரும் வாய்ப்பு அங்கேதான். அதனால் பில்லில் ஷேட் இலக்கத்தையும் கலிபரையும் எழுதச் சொல்கிறேன். லொறி வந்தால் சாரதி புறப்படுவதற்கு முன்பு ஒவ்வொரு பெட்டியின் இலக்கத்தையும் வாசிக்கிறேன். பிறகு நாலைந்து பெட்டியிலிருந்து ஒவ்வொரு ரைல் எடுத்து வெயில் வெளிச்சத்தில் அருகருகே படுக்க வைத்து, நின்று சரிவாகப் பார்க்கிறேன். மாறுதல் இருந்தால் சரிவுப் பார்வையில் தெரியும். ஒட்டிய ரைலை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. திறக்காத பெட்டியைத் திருப்புவார்களா என்பதையும் காசு கொடுக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

காசு ஒரேயடியாக இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, கூலியைப் பிறகு பார்க்கலாம், ஓர் அறைக்கான ரைல் முழுவதையும் முதலில் எடுங்கள் என்பதுதான். பெட்டிகளை நனையாமல் பலகை மேல் நிமிர்த்தி அடுக்கினால் மாதக்கணக்கில் கிடக்கும். எல்லாம் மீறி வேறு தொகுதி வந்துவிட்டால் அதை ஹோலுக்குள் கலக்காமல், கதவு நிலையில் கோடு பிரித்து அடுத்த அறைக்குப் போட்டுவிடலாம். நிலைக்கு அப்பால் நிறம் கொஞ்சம் மாறினால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.