தூளியிலிருந்து பாய்க்கு: ஐந்தாம் மாத இரவுகள்

எட்டு மணிக்குத் தூளியில் தூங்கிய குழந்தை எட்டே முக்காலுக்கு விழித்துக்கொள்ளும். ஆட்டினால் தூங்கும், ஒன்பதரைக்கு மறுபடி அழும். எங்கள் வீட்டில் எழுந்த முதல் பேச்சு "பால் பத்தலை, கொஞ்சம் கூழ் கொடுங்க" என்பதுதான். ஆனால் ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஒழுங்காக ஏறும் குழந்தைக்குப் பால் போதவில்லை என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் முடியும்வரை கூழும் தேவையில்லை.

இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழந்தை லேசாக விழிக்கும். நாமும் அப்படித்தான், புரண்டு படுத்துவிடுகிறோம். ஆட்டத்தில் கண்ணயர்ந்த குழந்தை விழிக்கும்போது தூளி நின்றிருக்கும். அந்த ஆட்டம் திரும்பக் கிடைக்கும்வரை அழும்.

தூளியை மாற்ற இன்னொரு காரணமும் உண்டு. வளைந்த துணியில் தாடை மார்பில் முட்டி மூச்சுத் தடைபடலாம். புரளத் தொடங்கிய குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதனால் தரையில் பாய், அதன்மேல் அமுங்காத தட்டை மெத்தை, இழுத்துச் செருகிய பருத்தி விரிப்பு. தலையணையும் போர்வையும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்.

மாற்றத்தை இரவின் முதல் தூக்கத்தில் தொடங்குவதே சுலபம், அப்போதுதான் தூக்கக் களைப்பு அதிகம். மாலைத் தூக்கம் ஐந்து மணிக்குள் முடிய வேண்டும். ஏழேகாலுக்கு விளக்கைக் குறைத்து, வெதுவெதுப்பான நீரில் உடம்பு துடைத்து, பால் கொடுப்போம். பால் குடித்தபடியே தூங்கிவிடாமல் இருக்க அந்த அறையில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும். பிறகு ஏப்பம், ஒரே தாலாட்டு, கண் சொக்கும் நேரத்தில் பாய். மார்பில் கைவைத்து மெதுவாகத் தட்ட வேண்டும். அழுகை ஏறினால் தூக்கிச் சமாதானப்படுத்தி, மறுபடி பாயிலேயே விட வேண்டும். ஆரம்பத்தில் அரை மணி நேரம்கூடப் பிடிக்கும்.

கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: பத்து நிமிடம் தட்டிவிட்டு, பொறுக்காமல் தூளியில் போடுவார்கள். நீண்ட நேரம் அழுதால் தூளி வரும் என்று குழந்தை பழகிக்கொள்ளும்.

நள்ளிரவில் முனகல் கேட்டதும் தூக்கிவிடாதீர்கள். கண் மூடியபடி கைகால் உதறுவதும் முக்குவதும் தூக்கத்திலேயே நடப்பவை. ஒரு நிமிடம் பார்த்தால் பல தடவை தானே அடங்கிவிடும். கண் திறந்து, கையைச் சப்பி, தலையைத் திருப்பித் தேடினால் அது பசி. இருட்டிலேயே, பேச்சில்லாமல் பால் கொடுக்கலாம். மலம் போயிருந்தால் மட்டும் துணி மாற்றினால் போதும்.

இரவில் ஒன்றிரண்டு முறை பால் கேட்பது இந்த வயதில் இயல்பு. ஆறு மாதத்துக்குப் பிறகும் பல குழந்தைகள் கேட்கும். எட்டு, ஒன்பது மாதத்தில் அம்மாவைக் காணோம் என்ற பயத்தில் விழிப்பு மீண்டும் கூடலாம்; அப்போதும் இதே வரிசைதான். காய்ச்சல், பால் மறுப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.