ஒற்றை அறை வீட்டுக்கு இரண்டு மடக்கு மேசைகள்: இதுவரை நடந்த வேலை

நாவலூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு இரண்டு மேசைகள் வேண்டியிருந்தன. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மனைவிக்குச் சுவரோடு மடங்கும் படிப்பு மேசை ஒன்று. இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட, பக்கப் பலகையைத் தொங்கவிடக்கூடிய சாப்பாட்டு மேசை இன்னொன்று. படிப்பு மேசை முடிந்து புழக்கத்துக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் கீல் வேலை முடிந்திருக்கிறது, கால் பாக்கி.

படிப்பு மேசைக்கு வாங்கியது முக்கோண வடிவ மடக்கு பிராக்கெட். தூக்கினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் நெம்பை அழுத்தினால் இறங்கும். 8 இன்ச்சிலிருந்து 20 இன்ச் வரை கிடைக்கிறது. என் பலகை 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 18 மி.மீ. பிளைவுட். அந்த 45 செ.மீ. அகலத்துக்கு 14 இன்ச் பிராக்கெட் எடுத்தேன். பலகை அகலத்தில் முக்கால் பங்குக்காவது பிராக்கெட்டின் கை நீளாவிட்டால், முன்விளிம்பில் சாயும்போது கைக்கு வெளியே இருக்கும் பலகை துள்ளும்.

கடையில் பிராக்கெட்டை விரித்து, நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ரிவெட் தளர்வாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு ஜோடியில் நுனி நன்றாகவே ஆடியது, அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். "சார், ஜோடி 60 கிலோ தாங்கும்" என்றார் கடைக்காரர். இரும்பு தாங்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுவர் தாங்குமா என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் எங்கள் சுவர் நாலு இன்ச் ஏஏசி கல். புது அடுக்குமாடிகளில் உள்சுவருக்குப் போடுகிறார்களே, ஹேக்சா பிளேடாலேயே அறுக்கக்கூடிய அந்த லேசான கல். எங்களுக்கு முன் குடியிருந்தவர் அங்கே ஒரு சின்ன அலமாரி மாட்டியிருந்திருக்கிறார். அவர் விட்டுப்போன துளைகளில் மேல் துளைகள் இரண்டும் கீழ்நோக்கி நீண்டு முட்டை வடிவமாக இருந்தன, கீழே இருந்தவை வட்டமாகவே இருந்தன. மேல் ஸ்க்ரூதான் முதலில் பிடியை விட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

உங்கள் சுவர் எது என்று தெரியாவிட்டால், மறைவான ஒரு இடத்தில் சின்னத் துளை போட்டுத் தூசியைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். டிரில் திணறி, சாம்பல் நிறத்தில் நறநறவென்று வந்தால் கான்கிரீட். பூச்சைத் தாண்டியதும் டிரில் சட்டென்று வழுக்கிக்கொண்டு போய், வெளிறிய மெல்லிய மாவு கொட்டினால் ஏஏசி. சுவிட்ச் பாக்ஸுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் மட்டும் துளை போடவே கூடாது. வயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

இப்போது கணக்கு. யாராவது முன்விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிச் சாய்ந்தால் 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி அழுத்துகிறது. 30-ஐ 45-ஆல் பெருக்கினால் 1350. பலகையின் சொந்த எடை சுமார் 5 கிலோ, அது நடுவில், அதாவது இருபத்திரண்டரை செ.மீ.யில் அழுத்துவதாகக் கொண்டால் இன்னும் 110 சேரும். மொத்தம் 1460. இந்தத் திருகலைத் தடுத்து நிறுத்துவது பிராக்கெட்டின் மேல் ஸ்க்ரூ. என் பிராக்கெட்டில் மேல் ஸ்க்ரூவிலிருந்து கீழ் நுனிக்கு 13 செ.மீ.தான். 1460-ஐ 13-ஆல் வகுத்தால் 112 கிலோ, ஒரு பிராக்கெட்டுக்கு 56. அதாவது ஒவ்வொரு மேல் ஸ்க்ரூவையும் 56 கிலோ சுவரிலிருந்து வெளியே பிடுங்குகிறது. கீழ்நோக்கிய எடை இரண்டு பிராக்கெட்டுக்குமாக வெறும் 35 கிலோ. ஆகவே பிராக்கெட் அட்டையில் போட்டிருக்கும் எடையை மட்டும் நம்பி ஏஏசி சுவரில் நேராக மாட்டக்கூடாது.

சுவருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு முதுகுப் பலகை வைத்தேன். அதே 18 மி.மீ. பிளைவுட், 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரம். மேல் வரிசையில் நாலு ஸ்க்ரூ, கீழ் வரிசையில் நாலு. மேல் வரிசையிலிருந்து பலகையின் கீழ் விளிம்புக்கு 26 செ.மீ. கிடைத்தது. 1460-ஐ 26-ஆல் வகுத்தால் 56, அதை நாலு ஸ்க்ரூ பங்கு போட்டால் ஆளுக்கு 14 கிலோ. சுவர் அதேதான், பிராக்கெட்டும் அதேதான். ஒரு ஸ்க்ரூவின் மேல் விழும் இழுப்பு நாலில் ஒரு பங்காகிவிட்டது.

பிராக்கெட்டை முதுகுப் பலகையில் வெறும் மர ஸ்க்ரூவால் பிடிக்காமல், பலகையின் பின்பக்கம் குழி எடுத்து, பற்களால் மரத்தைக் கவ்விக்கொள்ளும் டி-நட் அடித்து, முன்னாலிருந்து 6 மி.மீ. போல்ட் போட்டேன். பலகையைச் சுவரில் ஏற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும், அப்புறம் பின்பக்கம் கை போகாது.

ஏஏசி சுவரில் டிரில்லின் ஹாமரை அணைத்துவிட்டு, சுழற்சியில் மட்டும் துளை போட வேண்டும். ஹாமர் போட்டால் துளை உள்ளுக்குள் உடைந்து பெரிதாகிவிடும். கான்கிரீட்டுக்கான இரும்பு விரிவு போல்ட்டும் இங்கே வேண்டாம், விரியும்போது சுற்றியிருக்கும் கல்லையே நொறுக்கும். ஏஏசிக்கென்றே சுருள் இறக்கை வைத்த நைலான் பிளக் இருக்கிறது, அதைத்தான் போட்டேன். ஸ்க்ரூ நீளம் 80 மி.மீ.: முதுகுப் பலகைக்கு 18, பூச்சுக்குச் சுமார் 12, மிச்சம் 50 கல்லுக்குள். பூச்சுக்குள் இருக்கும் நீளத்தைப் பிடிப்பாகக் கணக்கில் எடுக்கக்கூடாது. கையால் முடுக்கும்போது கடைசிச் சுற்றுகளில் இறுக்கம் ஏறிக்கொண்டே போக வேண்டும். இறுக்கம் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிளக் துளைக்குள் சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம். அந்தத் துளையை விட்டுவிட்டு சற்றுத் தள்ளிப் போடுவதுதான் சரி.

பிராக்கெட்டுகளுக்கு நடுவே 60 செ.மீ. விட்டேன். இரண்டு நெம்பையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்பதால், ஒரே ஆளின் இரு கைக்கும் எட்டுவது முக்கியம். நெம்பு விட்டதும் பலகை சட்டென்று விழும், முழங்காலையோ தொடையையோ கீழே கொடுத்துத்தான் இறக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வகை பிராக்கெட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்து சோதனை. நம்மூரில் அரிசி இப்போது 26 கிலோ சிப்பமாகத்தான் அதிகம் வருகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததன் விளைவு அது. ஒரு சிப்பத்தையும் துணி சோப்புப் பாக்கெட்டுகளையும் சேர்த்து 30 கிலோ ஆக்கி, முன்விளிம்பில் ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்தேன். காலையில் முதுகுப் பலகையின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தேன், எங்கேயும் நுழையவில்லை. அந்த இடம் திறந்திருந்தால் பிளக் நழுவத் தொடங்கிவிட்டது என்று பொருள். முன்விளிம்பு மட்டும் ரசமட்டத்தில் 4 மி.மீ. தாழ்ந்து காட்டியது. அது சுவர் விட்டுக்கொடுத்ததால் அல்ல, பிராக்கெட் மூட்டில் எப்போதும் இருக்கும் சின்ன ஆட்டத்தால். பிராக்கெட் கையின் நுனிக்கும் பலகைக்கும் நடுவே மைக்கா துண்டு வைத்து முடுக்கியதும் மட்டமாகிவிட்டது. மடக்கினால் சுவரிலிருந்து சுமார் மூன்று இன்ச் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டிலைச் சுற்றி நடக்க அது இடைஞ்சல் இல்லை.

சாப்பாட்டு மேசை வேறு விஷயம். இதற்குச் சுவரே தேவையில்லை. 25 செ.மீ. அகலமுள்ள பாத்திர அலமாரியின் மேல் நிலைப்பலகை, அதன் ஓரத்தில் கீலில் தொங்கும் 50 செ.மீ. பலகை. இங்கே முக்கியம் கீல்தான். சாதாரணக் கீலை அடியில் போட்டால் பலகை தொங்கும்போது நிலைப்பலகைக்கும் அதற்கும் நடுவே ஒரு படி தெரியும். சோற்றுப் பருக்கையும் தண்ணீரும் தங்குவது அங்கேதான். பிளைவுட் என்றால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், ஓரத்தை வளைத்துச் செதுக்கினால் அடுக்கு அடுக்காகச் சிம்பு கிளம்பும். எனக்கு 20 மி.மீ. தடிமனில் ரப்பர்வுட் பலகை கிடைத்ததால், ரூல் ஜாயிண்ட் போட முடிவு செய்தேன்.

ரூல் ஜாயிண்டில் நிலைப்பலகையின் ஓரம் வெளியே குவிந்து உருண்டிருக்கும், தொங்கு பலகையின் ஓரம் அதற்கேற்ப உள்ளே குழிந்திருக்கும். பலகை இறங்கும்போது குழி உருண்டையின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், இடைவெளி எந்த நிலையிலும் தெரியாது. மேலே 3 மி.மீ. நேர் படி, அதன் கீழே அரை இன்ச் ஆரமுள்ள கால்வட்டம். கீலின் ஊசி அந்தக் கால்வட்டத்தின் மையத்திலேயே உட்கார வேண்டும்: மேல்படியின் நேர் கீழே, மேற்பரப்பிலிருந்து சுமார் 16 மி.மீ. ஆழத்தில். பலகை 20 மி.மீ. என்பதால் ஊசி மரத்துக்குள் 4 மி.மீ. ஏறியிருக்கும்.

இதற்கான கீல் தனி. ஒரு இதழ் குட்டை, இன்னொன்று நீளம். குட்டை இதழ் நிலைப்பலகைக்கு, நீள இதழ் வளைவைத் தாண்டித் தொங்கு பலகையைப் பிடிக்க. ஸ்க்ரூ தலைக்கான குழி, உருளை புடைத்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். ரவுட்டர் வேலை செய்துகொடுத்த ஆசாரி கீலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல உருண்டை மரத்துக்குள்ள போகணும். மொதல்ல காடி எடுங்க, அப்புறம் இதழுக்குப் படி எடுக்கலாம்" என்றார். அந்த வரிசைதான் சரி. உருளைக்கான காடியை முதலில் எடுத்தால் கீல் தானாக அதில் உட்காரும், இதழின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளலாம்.

முதலில் அதே மரத்தின் கழிவுத் துண்டுகளில் ஒரு கீல் மட்டும் மாட்டிப் பார்த்தோம். இறக்கும்போது பாதியில் பிடித்தது. குழிந்த பக்கத்தில் பென்சிலைத் தேய்த்துவிட்டு மறுபடி இறக்கினால், உரசும் இடத்தில் கரி எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு வளைவின் கீழ்முனையில் ஒட்டியது. ஊசி அரை மி.மீ. மேலே ஏறியிருந்ததுதான் காரணம். இதழுக்கு அடியில் கெட்டியான காகிதம் வைத்ததும் சரியாக ஓடியது. உண்மையான பலகையில் காடியின் ஆழத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டோம். வளைவுப் பரப்புக்கும் பாலிஷ் கட்டாயம் போட வேண்டும், ஆனால் மெல்லியதாக. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பும்போது தடித்த பாலிஷ் இருந்தால் பலகை பிடித்துக்கொள்ளும்.

பாக்கி இருப்பது கால். தொங்கு பலகையைத் தாங்க அலமாரிப் பக்கத்திலிருந்து கதவு போலத் திறக்கும் ஒற்றைக் காலை வைக்கப் போகிறேன். மடக்கு பிராக்கெட் வைத்தால் முழங்காலுக்கு இடம் கிடைக்கும், ஆனால் சாப்பிடும்போது கையூன்றும் கனம் முழுக்க அலமாரியின் பக்கப் பலகைக்குப் போய், அலமாரியே முன்னால் சாயும். கால் என்றால் கனம் தரைக்குப் போகிறது. எங்கள் டைல்ஸ் பால்கனிப் பக்கம் கொஞ்சம் சரிந்திருப்பதால், அடியில் திருகி உயரம் மாற்றும் குமிழ் வாங்கி வைத்திருக்கிறேன். கால் நிற்கும் இடத்தைக் கீலிலிருந்து 33 செ.மீ. தூரத்தில் குறித்தாகிவிட்டது. அது பலகை அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எதிரே உட்காருபவரின் முழங்கால் இடிக்கிறதா என்று நாற்காலி போட்டுப் பார்த்த பிறகே காலுக்கான கீலைத் துளைப்பேன்.