பிசிஆரில் பேண்ட் வந்த தளிர்

"பேண்ட் வந்திருக்கே மேடம், அப்புறம் ஏன் கழிக்கணும்?" என்று என் ஆய்வக மாணவன் ஒரு தளிரைப் பற்றிக் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரிதான். ஆனாலும் அந்தப் பேச்சை மனசு விடமாட்டேன் என்கிறது.

புகையிலையில் ஒரு ஜீனை ஏற்றுவதற்காக, அதைச் சுமந்துபோகும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவோடு இலைத் துண்டுகளை இரண்டு நாள் வைத்து, பிறகு கேனமைசின் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கலந்த ஊடகத்துக்கு மாற்றியிருந்தோம். பாக்டீரியாவை அடக்க செஃபோடாக்சிமும் உண்டு. நம் ஜீனோடு கேனமைசினை முறிக்கும் என்பிடி-2 ஜீனும் சேர்ந்தே போகும், அதனால் ஜீன் ஏறாத செல்கள் வெளுத்துப்போக வேண்டும். ஆனால் பச்சையாக நிற்பதெல்லாம் ஜீன் ஏறியது என்று நம்ப முடியாது. ஊடகத்தைத் தொடாமல் மேலெழும்பிய தளிரும், பக்கத்துச் செல்கள் மருந்தை முறித்துவிட்ட இடத்தில் முளைத்ததும் தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் தளிரை வெட்டி, கேனமைசின் உள்ள வேர் ஊடகத்தில் நடுகிறோம். அங்கே வேர் நேராக மருந்துக்குள் இறங்கியாக வேண்டும், ஒளிய இடமில்லை.

அவனுடைய தளிர் பச்சையாக இருந்தது, வேர் விடவில்லை. ஆனால் தேடும் ஜீனைப் பெருக்கிக் காட்டும் பிசிஆரில், நம் ஜீனுக்கு எதிர்பார்த்த அளவில் பளிச்சென்று பேண்ட், அதாவது ஜெல்லில் ஒரு கோடு. நான் அதே டிஎன்ஏவில் விர்-ஜி ஜீனுக்கும் ஒரு பிசிஆர் போடச் சொன்னேன். அது பாக்டீரியாவின் ஜீன், செடிக்குள் போகும் துண்டான டி-டிஎன்ஏவின் எல்லைக்கு வெளியே இருப்பது. செடிக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. அதிலும் பேண்ட் வந்தது. பாக்டீரியா இன்னும் திசுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நம் ஜீன் அதன் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவிலேயே இருக்கிறது, ஆகவே முதல் பேண்டுக்கு மதிப்பில்லை என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "பாக்டீரியா இருக்குன்னுதானே இது சொல்லுது? செடியில ஜீன் இல்லைன்னு சொல்லலையே?"

தர்க்கப்படி அவன் சொன்னது சரி. இரண்டும் ஒரே தளிரில் இருக்கலாம். தீர்த்துச் சொல்ல வேண்டுமென்றால், செஃபோடாக்சிமில் மாற்றி மாற்றி வளர்த்து, புதிதாக வந்த இலையில் டிஎன்ஏ எடுத்து, அதை வெட்டி நம் ஜீன் உள்ள துண்டின் அளவைக் காட்டும் சதர்ன் பிளாட் செய்ய வேண்டும். குரோமோசோமில் சேர்ந்த ஜீன் என்றால், டி-டிஎன்ஏவோடு ஒட்டிய செடியின் டிஎன்ஏவும் சேர்ந்து வெட்டுப்படும். பிளாஸ்மிடில் கிடைக்கும் துண்டின் அளவில் இருந்து அது வேறுபடும். நன்றாக வேர் விட்ட செடிகள் பக்கத்திலேயே இருக்கும்போது இதற்கு அத்தனை வாரம் செலவிடுவதா? எந்த ஆய்வகத்திலும் கழிக்கத்தான் சொல்வார்கள்.

வேர் விட்டவற்றில் ஒன்றின் விதைகளைக் கேனமைசினில் முளைக்கவிட்டபோது பச்சையும் வெளுப்பும் 3:1 கணக்குக்கு ஒட்டி வந்தன. ஜீன் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவனுக்கு இல்லை. "என்பிடி-2 கம்மியா வேலை செய்யற செடியும் வேர் விடாதுல்ல மேடம்?" என்று பிறகு ஒருநாள் கேட்டான். விடாமலும் போகலாம் என்றேன். நம் தேர்வுமுறை எப்போதும் உரக்கப் பேசும் செடிகளையே பொறுக்குகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. அதற்குமேல் அவனிடம் என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை பிடிபடவில்லை.