குழுக் கணக்கில் 38,000 இருந்தும் தண்டல் வாங்கிய கதை

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்புக் கணக்கில் 38,000 ரூபாய் சும்மா கிடந்தபோது, நான் அன்றாடம் தவணை வசூலிக்கும் தண்டல்காரரிடம் 8,500 ரூபாய் வாங்கி 10,000 ரூபாயாகத் திருப்பிக் கட்டினேன். அந்த 1,500 ரூபாயை நினைத்தால் இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வாங்கியது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தவறு வேறிடத்தில் இருந்தது.

நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி எடுத்து, சுற்றியுள்ள கிராமங்களில் மொபெட்டில் கொண்டுபோய் விற்கிறேன். ஐப்பசி மழையில் மகனுக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்ததில் வியாபார முதல் கரைந்தது. கமிஷன் கடையில் பழைய பாக்கி 6,000 நின்றதால் அங்கே கடனுக்குச் சரக்கு தருவதை நிறுத்திவிட்டார்கள். கையில் மிஞ்சியது 2,500. வழக்கமாக ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்குச் சரக்கு எடுப்பேன். அழுகலும் பெட்ரோலும் போக 700 ரூபாய் அளவுக்கு நிற்கும். 2,500 ரூபாய்க்கு எடுத்தால் 350 நிற்கும் என்று கணக்குப் போடுபவர்கள் இந்தத் தொழில் செய்யாதவர்கள். பெட்ரோல் செலவு பாதியாகக் குறைவதில்லை. கூடையில் நான்கு வகைதான் இருக்கிறது என்று தெரிந்தால் வாடிக்கையாளர் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார். எனக்கு நின்றது 300 அல்லது அதற்கும் குறைவு.

நகரத்தில் விற்கும் தெரு வியாபாரிகளுக்கு மத்திய அரசின் ஸ்வாநிதி கடன் இருக்கிறது. கிராமங்களில் விற்கும் எனக்கு அந்த வழி இல்லை. ஆகவே குழுவிடம் 15,000 கேட்டேன்: பாக்கிக்கு 6,000, சரக்குக்கு 2,500, வாரக் கடைசியில் பணம் தரும் இரண்டு மெஸ்களுக்குக் கடனாகப் போடும் காய்க்கு 4,000, மழைக்கால விலையேற்றத்துக்கு மீதி. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். தீர்மானம் பத்து நிமிடத்தில் நிறைவேறியது. மாதம் ஒரு ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை. இது வங்கி இணைப்புக் கடன் அன்று, எங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து தரும் உள்கடன் என்பதைக் கவனிக்க வேண்டும். வங்கிக் கடனில் 3 லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டிதான் என்றாலும், அதற்கு விண்ணப்பம், தர மதிப்பீடு, கிளையின் ஒப்புதல் என்று மாதக் கணக்கில் ஆகலாம். அவசரத்துக்கு உதவுவது உள்கடன் மட்டுமே. தேதி 5 அன்று தீர்மானம் எழுதினோம். பணம் என் கைக்கு வந்தது 28 அன்று.

6ஆம் தேதி எங்கள் குழுவின் ஊக்குநர் அக்காவுடன் வங்கிக்குச் சென்றேன். பணம் எடுக்கும் சீட்டை எழுத்தர் ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சித்திரையில் சுழற்சி முறையில், வங்கியில் கையெழுத்திடும் பிரதிநிதியை மாற்றியிருந்தோம். தீர்மானப் புத்தகத்தில் ஒழுங்காக எழுதி, எல்லோரும் கையெழுத்தும் போட்டிருந்தோம். ஆனால் வங்கிக்கு யாரும் தெரிவிக்கவில்லை. வங்கியின் பதிவில் இன்னும் பழைய பிரதிநிதியின் கையெழுத்தே இருந்தது. அவரோ மகள் வீட்டுக்குத் திருப்பூர் போய் ஐந்து மாதமாகிறது. “அவங்களையும் கூட்டிட்டு வாங்க” என்றார் எழுத்தர். வேறு என்னென்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “முதல்ல அவங்க வரட்டும்மா, அப்புறம் சொல்றேன்” என்றார். இந்த ஒரு பதிலுக்கு எனக்கு ஒரு நாள் வியாபாரம் போனது. என்னென்ன தாள்கள் வேண்டும் என்று முழுப் பட்டியலையும் அங்கேயே எழுதி வாங்காமல் கவுன்டரை விட்டு நகரக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

மறுநாள் மாலை தண்டல்காரரைக் கூப்பிட்டேன். கால் மணி நேரத்தில் வீட்டு வாசலில் பைக் நின்றது. 10,000 ரூபாய்த் தண்டல். 1,500 முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 எண்ணிக் கொடுத்தார். நாளுக்கு 100 வீதம் நூறு நாள். மஞ்சள் அட்டையில் நூறு கட்டங்கள் இருந்தன. கட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தில் அவர் சுருக்கொப்பம் போட வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டில் தொகை எழுதாமலேயே என் கையெழுத்தைக் கேட்டார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எண்ணிலும் எழுத்திலும் பத்தாயிரம் என்று அவர் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். முகத்தைச் சுளித்தாலும் எழுதினார். அவசரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இந்த இடத்தில்தான். தொகையில்லாத நோட்டு அவரிடம் இருக்கும்வரை நம் கடன் எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்வார்.

1,500 என்றால் நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் முழுப் பணமும் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். அதைச் சேர்த்துப் பார்த்தால் மாதத்துக்கு ஏறத்தாழப் பத்து வட்டி வருகிறது. குழுவின் 15,000 ரூபாய்க்குப் பத்து மாதமும் சேர்த்து நான் கட்ட வேண்டிய வட்டி 825 மட்டுமே. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம், மீட்டர் வட்டியோடு சேர்த்துத் தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. அடுத்த முறையும் அதே பைக்கைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் புகார் கொடுப்பதில்லை.

அப்படியிருந்தும் ஏன் வாங்கினேன் என்றால், அரைகுறைச் சரக்கோடு ஓடிய ஒவ்வொரு நாளும் எனக்கு 400 ரூபாய் வருமானம் குறைந்தது. மூன்று வாரம் காத்திருந்தால் அது 8,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். தண்டல் பணத்தில் 6,000 ரூபாயைக் கமிஷன் கடையில் கட்டிவிட்டு, மீதி 2,500 ரூபாயைக் கையிருப்போடு சேர்த்து மறுநாளே முழுக் கூடை எடுத்தேன். மெஸ்காரர்களிடம் மட்டும் அன்றாடம் பணம் கேட்டேன். ஒருவர் ஒத்துக்கொண்டார், மற்றவர் வேறு ஆளிடம் போய்விட்டார்.

இதற்கிடையில் எங்கள் ஊராட்சியின் சமுதாயப் பயிற்றுநர், பழைய பிரதிநிதி நேரில் வரத் தேவையில்லை, உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தீர்மான நகலும் புதிய பிரதிநிதியின் ஆதார் நகல், புகைப்படம், குழு முத்திரையும் போதும் என்று சொல்லி, குழுக்களின் கூட்டமைப்பிடமிருந்து கடிதம் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். 16ஆம் தேதி அவற்றைக் கொடுத்தோம். கையெழுத்து மாறியது. பணம் எடுக்கச் சென்றபோது அடுத்த பதில் தயாராக இருந்தது: “உங்க குரூப்புக்கு லோன் ஓடுதுல்ல, சேமிப்புக் கணக்கு ஹோல்டுல இருக்கும்மா.”

எங்கள் குழு வங்கிக் கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஆனாலும் கடன் முடியும்வரை சேமிப்பைத் தொடக் கூடாது என்று எங்களிடம் சொல்லாமலேயே தடுத்து வைத்திருந்தார்கள். ஊக்குநர் அக்கா தலையாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கும் அது நியாயம் போலத்தான் தோன்றியது. மாலையில் பயிற்றுநரிடம் சொன்னபோதுதான், ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்குக் கடன் தரும்போது சேமிப்புக் கணக்கைப் பிணையாகப் பிடித்து வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை என்று தெரிந்தது.

இரண்டாவது முறை வாயால் வாதாடவில்லை. “எங்கள் சேமிப்புக் கணக்கின் மீதுள்ள தடையை நீக்குமாறும், நீக்க இயலாவிடில் எந்த விதியின்படி என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்” என்று மேலாளருக்கு இரண்டு பிரதிகளில் மனு எழுதி, தவணை ஒழுங்காகக் கட்டிய பாஸ்புக் பக்கத்தின் நகலை இணைத்து, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை கேட்டோம். முத்திரை வைக்க எழுத்தர் தயங்கியதிலிருந்தே மனு சரியான இடத்தில் தைத்திருக்கிறது என்று புரிந்தது. கடைசியில் மேலாளரே கூப்பிட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் தடை நீங்கியது. நடுவில் ஒரு விடுமுறையும், பணம் எடுக்க ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து வர முடியாத ஒரு நாளும் போக, 28 அன்று 15,000 ரூபாயை எண்ணி வாங்கினேன்.

நேராகத் தண்டலை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றோடு 21 நாள் கட்டியிருந்தேன், மீதி 7,900. “இப்பவே மொத்தமா முடிச்சா எவ்வளவுண்ணா குறைப்பீங்க?” என்று கேட்டேன். “ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்தான்மா. வட்டியை அன்னைக்கே எடுத்தாச்சே” என்றார். இனி வரப்போகும் 79 நாளுக்கான வட்டியாக ஏறத்தாழ 950 ரூபாய் அந்தத் தொகைக்குள் இருந்தது; முன்கூட்டி முடித்தால் அதை நான் சும்மா தூக்கிக் கொடுத்ததாகும். ஆகவே குழுப் பணத்தைச் சரக்கில் போட்டுவிட்டு, தண்டலை நாளுக்கு 100 என்றே தொடர்ந்தேன். வீட்டில் எல்லோரும் கடனை முதலில் அடை என்றார்கள். வட்டி குறையாத கடனை அவசரமாக அடைப்பதில் எனக்கு லாபம் தெரியவில்லை. தவறாமல் கட்ட முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே இது பொருந்தும். இரண்டு நாள் விட்டால் அவர்கள் அபராதம் என்று ஒன்றைத் தொடங்குவார்கள்.

நூறாவது நாள் சின்னச் சண்டை நடந்தது. மழையால் நான் வண்டி எடுக்காத மூன்று நாள் பணம் வரவில்லை என்றார். அந்த நாட்களில் அவர் வீட்டுக்கே வந்து வாங்கியிருந்தார். அப்போது அட்டை கையில் இல்லாததால் கையெழுத்து மறுநாள் போட்டார். நல்லவேளையாக விடுபட்ட கட்டங்களையும் அந்த மறுநாளே சேர்த்துப் போடச் சொல்லியிருந்தேன். அட்டையில் நூறு கட்டமும் நிறைந்திருப்பதைக் காட்டியதும் பேச்சை மாற்றினார். புரோநோட்டு “ஆபீசில் இருக்கிறது, பிறகு தருகிறேன்” என்றார். அது வரும்வரை அட்டையைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு நாள் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

சென்ற மாதம் எங்கள் குழுவில் இன்னொரு பிரதிநிதி மாறினார். தீர்மானம் எழுதிய மறுநாளே நான்கு பேர் வங்கிக்குப் போய்க் கையெழுத்தை மாற்றினோம். முத்திரை வைத்த நகல் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில், கணக்கில் தடை ஏதும் இல்லை என்று எழுத்தரிடம் கேட்டறிந்த தேதியை ஊக்குநர் அக்கா சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.