எக்செல்லில் சதவீத மாற்றத்தின் பக்கத்தில் ▲ ▼: ஐந்து சதவீதத்துக்கு மேல் போனால் மட்டும்

சிங்கப்பூர்த் தேக்கா பக்கத்து மளிகைக் கடை ஒன்றின் மாத விற்பனைத் தாள். B-இல் போன மாத வெள்ளி, C-இல் இந்த மாத வெள்ளி, D-இல் மாற்றம். எல்லா வரிக்கும் அம்பு போட்டால் அம்புக்கே மதிப்பில்லாமல் போய்விடும். ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ ஏறினாலோ இறங்கினாலோதான் அம்பு; மற்றவற்றுக்கு வெறும் எண். இதுதான் தேவை.

`IF` போட்டு `"▲ "&TEXT(...)` என்று ஒட்டுபவர்கள் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த செல் எழுத்தாக மாறிவிடுவதால், ஏற்ற இறக்க வரிசையில் அடுக்கும்போது எண்ணாக அடுக்காது. எண் வடிவத்தில் வைத்தால் உள்ளே இருப்பது எண்ணாகவே இருக்கும், தோற்றம் மட்டும் மாறும்.

D2-இல் முதலில் `=C2/B2-1`. D நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Ctrl+1, `Number` தாவலில் `Custom`, `Type` பெட்டியில் இது:

```
[Color10][>=0.05]▲ 0.0%;[Red][<=-0.05]▼ 0.0%;0.0%
```

அரைப்புள்ளிகள் இதை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன: ஏற்றம், இறக்கம், மற்றவை. அம்புகளை இங்கிருந்தே நகலெடுத்து ஒட்டலாம். விண்டோஸில் எண் விசைப்பலகை இருந்தால் Alt+30 ▲ தரும், Alt+31 ▼ தரும். `[Green]` என்றும் எழுதலாம், ஆனால் அது கண்ணைக் கூசும் பச்சை. வெள்ளைத் தாளில் படிக்கவே முடியாது. அதனால்தான் `[Color10]`.

முதலில் சறுக்குவது எல்லை எண்ணில். செல்லில் 5% என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 0.05. `[>=5]` என்று எழுதினால் அது ஐந்நூறு சதவீதத்தைக் கேட்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, அம்பும் வராது. அம்பு ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

அடுத்தது கழித்தல் குறி. காப்பித்தூள் 1,000-இலிருந்து 977-க்கு இறங்கியது. மூன்றாம் பகுதிக்குப் போய் -2.3% என்று குறியோடு வரும். நல்லெண்ணெய் 900-இலிருந்து 837. இரண்டாம் பகுதி, ▼ வரும். அந்த வரியில் 7.0% என்று மட்டும் வந்தால், ஒரு இறக்கத்துக்குக் குறி இருக்கிறது, பெரிய இறக்கத்துக்கு இல்லை என்று படிப்பவர் குழம்புவார். அப்படி வந்தால் இரண்டாம் பகுதியை `▼ -0.0%` என்று மாற்றிவிடுங்கள். வடிவத்தைப் போட்டதும் இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

உண்மையான தலைவலி துவரம்பருப்பில் இருக்கிறது. 1,250-இலிருந்து 1,312. கணக்குப்படி 4.96%. வடிவம் ஒரு தசமத்துக்கு முழுமையாக்கி 5.0% என்று காட்டுகிறது. நிபந்தனையோ உள்ளே இருக்கும் 0.0496-ஐப் பார்த்து, எட்டவில்லை என்று அம்பை மறுக்கிறது. கீழே வேறொரு பொருள் சரியாக 5.0% ஏறியிருந்தால் அதற்கு மட்டும் அம்பு. ஃபார்முலா கெட்டுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சரிசெய்ய, காட்டுகிற அளவுக்கே கணக்கையும் முழுமையாக்க வேண்டும்:

```
=ROUND(C2/B2-1,3)
```

மூன்று தசமம் என்பது சதவீதத்தில் ஒரு தசமம். `0%` என்று காட்டினால் அங்கே 2. எல்லையை 0.0495 என்று தளர்த்தியும் சமாளிக்கலாம், ஆனால் ஆறு மாதம் கழித்துத் தாளைத் திறப்பவருக்கு அந்த எண் ஏன் என்று புரியாது. `ROUND`-க்கு இன்னொரு லாபமும் உண்டு: -0.03% போன்ற சில்லறை இறக்கம் -0.0% என்று வந்து நிற்காமல் சுத்தமான பூஜ்ஜியமாகிவிடும்.

போன மாதம் விற்காத பொருள் இருந்தால் `#DIV/0!` வரும். வடிவம் அதைத் தொடாது. `=IFERROR(ROUND(C2/B2-1,3),"புதிது")` போதும். எழுத்து அப்படியே தெரியும்.

அம்புகள் எண்ணின் நீளத்துக்கேற்ப முன்னும் பின்னும் ஆடுவது பிடிக்கவில்லை என்றால், அம்புக்கும் எண்ணுக்கும் இடையே ஒரு `*`, பிறகு ஒரு இடைவெளி. அம்பு செல்லின் இடது ஓரத்தில் ஒட்டும், எண் வலது ஓரத்தில் நிற்கும்:

```
[Color10][>=0.05]▲* 0.0%;[Red][<=-0.05]▼* -0.0%;0.0%
```

(▼ வரியில் கழித்தல் குறி தானாகவே வந்திருந்தால் இங்கே `-` தேவையில்லை.)

ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைதான். மூன்றாவது பகுதி மிச்சமுள்ள எல்லாவற்றுக்கும். 20% தாண்டினால் ▲▲ வேண்டும் என்று முதலாளி கேட்டால் இந்த வடிவத்தில் இடமில்லை. அப்போது `Conditional Formatting`-இல் 20%-க்குத் தனி விதி எழுதி, அந்த விதியின் `Format` பொத்தானுக்குள் இருக்கும் `Number` தாவலில் `▲▲ 0.0%` கொடுங்கள். மேலே சொன்ன வடிவம் அடியில் அப்படியே இருக்கலாம். விதி பொருந்தும் செல்களில் மட்டும் அது மேலேறி நிற்கும்.