வி.எஃப்.எக்ஸ் பட்ஜெட் தாள்: 40 பேரை வைத்து ஒரு படை

போன வாரம் ரிசல்ட் வந்தது. பட்ஜெட் தாளில் 81. கம்பாசிட்டிங் செய்முறையில் அதைவிடக் குறைவு. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதைக் கீழே சொல்கிறேன். அடுத்த பேட்ச் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு, மாதிரிக் கேள்விகள், எந்த சாஃப்ட்வேர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது இரண்டாம் பகுதியைப் பற்றி மட்டும்தான்: ஒரு பக்க ஸ்கிரிப்ட் கொடுத்து, அதே காட்சிக்கு சினிமாவுக்கு ஒரு மதிப்பீடும் டிவி தொடருக்கு ஒரு மதிப்பீடும் போடச் சொல்வார்களே, அது.

இதில் பெரும்பாலானவர்கள் செய்வது என்னவென்றால், சினிமா மதிப்பீட்டை ஒழுங்காகப் போட்டுவிட்டு, எல்லா வரியிலும் மேன்-டேயை, அதாவது ஒரு ஆள் ஒரு நாளில் செய்யும் வேலைக் கணக்கை, பத்தில் ஒன்றாகக் குறைத்து டிவி மதிப்பீடு என்று எழுதுவது. அப்படிக் குறைத்தால் ஒரு ஷாட்டும் முடியாது. டிவி மதிப்பீட்டில் ஷாட்டுகளே வேறு. பணம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நாட்கள். சினிமாவில் ஒரு ஷாட்டை இயக்குநர் மாதக்கணக்கில் திருப்பித் திருப்பி அனுப்பலாம், தேவைப்பட்டால் வெளியீட்டுத் தேதியையே தள்ளலாம். தொடரில் ஒளிபரப்புத் தேதி நிற்காது. அடுத்த எபிசோடின் ஷாட்டுகள் பின்னாலேயே வந்து நிற்கும். பத்துத் தடவை திருத்தினால்தான் சரியாக வரும் என்கிற ஷாட்டை டிவியில் எவ்வளவு காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அதனால் முதல் இரண்டு திருத்தத்திலேயே நன்றாக வரக்கூடிய ஷாட்டைத்தான் திட்டமிட வேண்டும்.

உதாரணம் எழுதச் சொன்னால் நான் 1993-ஐ எழுதுவேன். அந்த ஒரே வருடத்தில் ஜுராசிக் பார்க் படமும் பாபிலோன் 5 தொடரின் முன்னோட்டப் படமும் வந்தன. முதலாவதில் கம்ப்யூட்டரில் செய்த டைனோசர்கள் திரையில் இருப்பது சில நிமிடங்கள்தான். தோல் நெளிய வேண்டும், கால் சேற்றில் பதிய வேண்டும், மழையில் நனைய வேண்டும். ஒவ்வொரு ஷாட்டும் தனிப் போராட்டம். பாபிலோன் 5 குழு அமிகா கம்ப்யூட்டர்களில் லைட்வேவ் என்கிற 3D மென்பொருளை வைத்து வேலை செய்தது. அவர்கள் காட்டியது விண்கலங்கள். உலோகம் நெளியாது, விண்வெளியில் தரை இல்லாததால் கால் பதியும் தொல்லை இல்லை, பின்னணி கறுப்பு. கையில் இருக்கும் கருவிக்குச் சுலபமான பொருளையே கதையின் மையமாக வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு லாபம், செய்த மாடல் வாரா வாரம் திரும்ப வரும். கணக்கைப் பாருங்கள். ஒரு கலத்தைச் செய்ய 40 மேன்-டே என்று வைத்துக்கொள்வோம். சினிமாவில் அது 4 ஷாட்டில் வந்தால் ஷாட்டுக்கு 10. தொடரில் 20 எபிசோடில் 5 ஷாட் வீதம் 100 ஷாட்டில் வந்தால் ஷாட்டுக்கு 0.4. இந்த வகுத்தலைத் தாளில் போட்டுக் காட்டுங்கள், மார்க் உண்டு. 1966-இல் தொடங்கிய ஸ்டார் டிரெக்கில் ஆட்களை ஒளியாகக் கரைத்துக் கிரகத்தில் இறக்குகிற யோசனையே, வாரா வாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டக் காசில்லாததால் வந்ததுதான்.

சரி, போர்க் காட்சி. இது அடிக்கடி வரும். கேம் ஆஃப் த்ரோன்ஸ் முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் ஒரு பெரிய போர் தொடங்கப்போகிறது. கதையின் முக்கியப் பாத்திரமான டிரியன் தலையில் அடிபட்டு மயங்கிவிடுகிறான். கண் விழிக்கும்போது போர் முடிந்துவிட்டது. செலவு மிச்சம், அவன் ஆளுக்குப் பொருத்தமான நகைச்சுவையும் ஆயிற்று. அடுத்த சீசனில் பிளாக்வாட்டர் எபிசோடுக்கு அதே குழு கூடுதல் பணம் கேட்டு வாங்கியது. அப்போதும் போர் இரவில்தான் நடக்கிறது. நாவலில் ஆற்றின் குறுக்கே வரும் மாபெரும் சங்கிலி தொடரில் இல்லை. இருட்டு எதற்கு என்று கேட்டால், வெளிச்சம் படாத இடத்தில் எதையும் கட்ட வேண்டாம். பச்சை நெருப்பு எரியும் இடம் மட்டும் கண்ணுக்குத் தெரியும், காசையெல்லாம் அங்கே கொட்டலாம்.

எங்கள் தாளில் வந்தது பகல் காட்சி. இருட்டைச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. "கோட்டை வாசலுக்கு எதிரே மன்னனின் படை, 5,000 பேர். மன்னன் குதிரையில் வந்து நிற்கிறான்." டிவிக்குக் கொடுத்தது: 40 துணை நடிகர்கள், ஒரு நாள் ஷூட்டிங், 12 மேன்-டே.

சினிமா மதிப்பீடு நேரடியானது. கிரேனில் கேமரா மன்னனின் முதுகிலிருந்து எழும்பிப் படை முழுவதையும் காட்டும். கேமரா நகர்வதால் அந்த நகர்வைக் கம்ப்யூட்டரில் அப்படியே கொண்டுவரும் மேட்ச்மூவ் வேண்டும், முன்னால் நிற்கிற ஒவ்வொருவரையும் ஃபிரேம் ஃபிரேமாக வெட்டியெடுக்கும் ரோட்டோ வேண்டும், பின்னால் மாசிவ் போன்ற மென்பொருளில் கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு உடை அணிந்த டிஜிட்டல் வீரர்கள் வேண்டும். நான் 130 மேன்-டே போட்டேன்.

டிவி மதிப்பீட்டில் முதல் வரியாக நான் எழுதியது: கேமரா அசையாது. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன், சலித்தாலும் பரவாயில்லை. கேமரா அசையாவிட்டால் மேட்ச்மூவ் இல்லை, ரோட்டோ கிட்டத்தட்ட இல்லை, கூட்டத்தைக் கம்ப்யூட்டரில் செய்யவும் வேண்டாம். அதே 40 பேரைக் கட்டம் கட்டமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து ஒட்டிவிடலாம். பத்துக் கட்டம் எடுத்தால் 400 பேர். அதற்குப் பின்னால் தூரத்தில் தெரிவது தலையும் ஈட்டியும்தான். அந்த இடத்தில் ஏற்கெனவே எடுத்த கட்டங்களையே சிறிதாக்கிப் போட்டு, மேலே புழுதி.

செய்யும் வரிசை இது:

- டிரைபாடின் கால்களில் மணல் மூட்டை. ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் மேனுவல். யாரும் தொடக்கூடாது.
- எடுக்கிற ஒவ்வொரு பதிவும் ஒரு பிளேட். ஆள் இல்லாத கிளீன் பிளேட் முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று.
- தரையில் கயிறு போட்டுக் கட்டங்களைக் குறிப்பது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒரு வரிசை ஆட்கள் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும், இல்லையென்றால் நடுவில் சந்து தெரியும்.
- வெள்ளைக் குதிரை, ஆறரை அடி ஆள், சிவப்புத் தலைப்பாகை ஆகியவை ஒரே ஒரு கட்டத்தில் மட்டும்.
- ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்கள் வேறு வேறு வேலை செய்ய வேண்டும். எல்லாக் கட்டத்திலும் ஒரே நொடியில் ஈட்டி உயர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதில் பலருக்குத் தெரியாதது வெயில். 40 பேரைக் கிளப்பி, நகர்த்தி, நிற்க வைக்க ஒரு கட்டத்துக்கு ஆறேழு நிமிடம் ஆகும். பத்துக் கட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பூமி அதற்குள் 15 டிகிரி சுற்றிவிடும், நிழல் திரும்பிவிடும். இடமிருந்து வலமாக ஒரு வரிசை முடித்துவிட்டு மறுபடி இடப்பக்கம் போய் அடுத்த வரிசையைத் தொடங்கினால், மேலும் கீழும் ஒட்டுகிற கட்டங்களுக்கு நடுவே அரை மணி நேர நிழல் வித்தியாசம் வரும். பாம்பு போகிற மாதிரி வளைந்து வளைந்து எடுத்தால், அடுத்தடுத்து எடுத்த கட்டங்களாவது பக்கத்தில் இருக்கும். அப்படியும் வரிசையின் ஒரு முனையில் வித்தியாசம் வரத்தான் செய்யும். அந்த முனைக்குக் கொடிக்கம்பமோ தேரோ வைத்துவிடுங்கள். முன்வரிசைக் கட்டங்களை முதலில் எடுங்கள், தரை தெரிவது அங்கேதான். பின்வரிசையில் நிழலை முன்னால் நிற்கிறவர்களே மறைத்துவிடுவார்கள். மேகமூட்டம் கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை, ஆனால் தாளில் மேகத்தை நம்பி எழுதாதீர்கள்.

கேமரா நிஜமாகவே அசையவில்லையா என்று ஷூட்டிங் நாளன்றே பார்த்துவிட வேண்டும். இரண்டு பிளேட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே உள்ளதை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டுகிற டிஃபரன்ஸ் மோடில் போடுங்கள். கோட்டைச் சுவர் முழுக் கறுப்பாகத் தெரிந்தால் நல்லது. கல்லின் ஓரங்களில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் டிரைபாட் நகர்ந்திருக்கிறது. கோடு எல்லா இடத்திலும் ஒரே அளவென்றால் பிளேட்டை ஒரு பிக்சல் இரண்டு பிக்சல் தள்ளிச் சரிசெய்துவிடலாம். ஓரத்தில் அதிகம், நடுவில் குறைவு என்றால் ஃபோகஸோ ஜூமோ மாறியிருக்கும். அப்போது திரும்ப எடுப்பதுதான் மலிவு. சுவர் முழுக்கச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது, அது நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்கிற கிரேடிங்கில் தீரும்.

ஒட்டு விழுகிற கோட்டை நேர்கோடாக வெட்டாதீர்கள். ஆட்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைப் பிடித்து வளைந்து போக வேண்டும். புழுதி எழுப்பும் ஆட்களை ஒட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. புழுதி அந்தக் கோட்டில் வந்து கத்தியால் வெட்டினாற்போல் நிற்கும், பார்க்கிறவன் கண் நேரே அங்கே போகும். புழுதியைத் தனியாகக் கறுப்புத் துணிக்கு எதிரே எடுத்து, எல்லாக் கட்டத்துக்கும் மேலே ஒரே அடுக்காகப் போடுங்கள்.

அசையாத ஷாட் உயிரில்லாமல் இருக்கும் என்பது நியாயமான கேள்வி. பிளேட்டை 4K-இல் எடுத்து HD-இல் கொடுப்பதால் சட்டகத்தில் நிறைய இடம் மிச்சம். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு கையில் பிடித்த கேமரா மாதிரி மெல்லிய ஆட்டமும், லேசாக உள்ளே போகிற நகர்வும் சேர்க்கலாம். தூரத்துக் கூட்டத்தில் முன்பின் நகர்வு வித்தியாசம் கண்ணுக்கு எட்டாது. மன்னனின் தோள் பெரிதாக முன்னால் இருந்தால் மட்டும் இந்த ஏமாற்று செல்லாது.

நான் போட்ட கணக்கு: மூன்று நொடி அகல ஷாட், அதாவது 75 ஃபிரேம், அதற்கு 6 மேன்-டே. அதே பிளேட்டை மங்கலாக்கி மன்னனின் நெருக்க ஷாட்டுக்குப் பின்னணியாகப் போட 2. கோட்டை மேலிருந்து பார்க்கும் காவலனின் தோளுக்குப் பின்னால் அதே கூட்டம் இன்னொரு முறை, 2. குதிரைக் குளம்பு, ஈட்டி நுனி, கேடயத்தில் தட்டும் கை ஆகிய ஷாட்டுகளுக்கு வி.எஃப்.எக்ஸே கிடையாது. திருத்தத்துக்கு 2. மொத்தம் 12. ஆயிரக்கணக்கானவர்கள் நிற்பதாக நம்ப வைப்பது அந்த மூன்று நொடியும், பிறகு முழுக்க ஓடுகிற முரசுச் சத்தமும்தான்.

இப்போது அந்தக் கோபம். செய்முறையில் இதே முறையில் ஒரு ஷாட் செய்து காட்டினேன். வைவாவில் ஒருவர் பார்த்துவிட்டு, "டிவி மாதிரி இருக்கே தம்பி, கேமரா ஏன் நகரல?" என்றார். கேள்வித்தாளே டிவிக்குத்தான் என்று சொன்னேன். அவர் முகம் மாறவில்லை, மார்க் மாறியிருக்கிறது. வைவாவில் இப்படி யாராவது கேட்டால் வாதாடாமல், கேமரா நகர்ந்தால் கூடுகிற மேன்-டேயை ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள்: மேட்ச்மூவ் 3, ரோட்டோ 15, தூரத்துக் கூட்டத்தை முப்பரிமாணத்தில் வைக்க 20. கொடுத்திருப்பதோ 12.

எனக்குக் கிரேனும் பிரம்மாண்டமும் இயல்பாகவே பிடிக்காது, அதனால் இந்த வழி எனக்கு ஒத்துவந்தது. உங்களுக்கு 3D நன்றாக வரும் என்றால் இந்தக் கேள்வியை விட்டுவிட்டு விண்கலக் கேள்வியை எடுங்கள். அதில் மாடலை எத்தனை எபிசோடுக்குப் பங்கு போடுகிறீர்கள் என்பதுதான் முழு மார்க்கும்.